டிவிக்குக் கூடுதல் வாரண்டி: பேனலை வைத்துப் போடும் கணக்கு

புது டிவிக்கு பில் போடும்போது கடையில் கூடவே விற்கப்படும் கூடுதல் வாரண்டி, தயாரிப்பு நிறுவனம் இலவசமாகத் தரும் வாரண்டி முடிந்த பிறகு வரக்கூடிய பழுதுகளுக்கு முன்பணமாகக் கட்டும் தொகை. இந்தியாவில் விற்கும் பெரும்பாலான டிவிகளுக்கு நிறுவனத்தின் வாரண்டி ஒரு வருடம். ஆகவே இன்று பணம் கட்டி வாங்கும் ‘2 வருடக் கூடுதல் வாரண்டி’ அடுத்த வருடம் இதே தேதிக்குப் பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். அதுவரை அந்தக் காகிதத்துக்கு வேலை இல்லை. ‘மொத்தம் 3 வருட வாரண்டி’ என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதும் பல சமயம் இந்த ஒன்றும் இரண்டும் சேர்ந்த மூன்றுதான்.

இதை விற்பவர்கள் மூன்று வகை. டிவியைத் தயாரித்த நிறுவனமே நேரடியாக விற்பது முதல் வகை. கடைச் சங்கிலி தன் பெயரில் விற்பது இரண்டாவது. பழுதுபார்ப்பையே தொழிலாகக் கொண்ட வேறொரு நிறுவனமோ காப்பீட்டு நிறுவனமோ கடையின் வழியாக விற்பது மூன்றாவது. வாங்குகிறவருக்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும், ஏனென்றால் ஒரே மேஜையில், ஒரே விற்பனையாளரின் வாயிலிருந்துதான் மூன்றும் வருகின்றன. பழுது வந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். முதல் வகையில் அந்த நிறுவனத்தின் உதிரிபாகம் அந்த நிறுவனத்தின் கிடங்கிலிருந்தே வரும். மற்ற இரண்டிலும் பாகத்தை வேறொருவரிடம் வாங்கித்தான் மாட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் டிவிக்குப் பதில் ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக்கொள்வார்கள். அந்தத் தொகை எவ்வளவு என்பதில்தான் பிரச்சினை கிளம்பும்.

கூடுதல் வாரண்டி தேவையா என்று முடிவு செய்ய, டிவிக்குள் எது பழுதாகும், அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று தெரிய வேண்டும். ஒரு எல்இடி டிவியின் உள்ளே முக்கியமான பொருட்கள் நான்குதான். வீட்டு மின்சாரத்தை டிவிக்கு ஏற்ற அளவில் மாற்றித் தரும் பவர் போர்டு. படத்தையும் ஒலியையும் செயலிகளையும் இயக்கும் மெயின் போர்டு. திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் எல்இடி பட்டைகள், அதாவது பேக்லைட். அவற்றுக்கு முன்னால் இருக்கும் பேனல். முதல் மூன்றில் எது போனாலும் சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும். ஊரில் இருக்கும் நல்ல மெக்கானிக்கே செய்துவிடுவார். பேனல் அப்படியல்ல. டிவியின் விலையில் பாதிக்கும் மேல் பேனலின் விலைதான். திரை பெரிதாகப் பெரிதாக அந்தப் பங்கும் ஏறும். 55 அங்குல டிவிக்கு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் புதுப் பேனல் போடச் சொன்னால், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புது டிவியே வாங்கிவிடலாமே என்று தோன்றும் அளவுக்கு மதிப்பீடு வருவது சாதாரணம்.

ஆகவே கூடுதல் வாரண்டிக்குக் கொடுக்கும் பணம் உண்மையில் பேனலுக்காகக் கொடுக்கும் பணம். மற்ற பழுதுகளின் செலவைக் குடும்பமே தாங்கிக்கொள்ளும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தானாகக் கெட்டுப்போன பேனலுக்கு இந்தத் திட்டம் எந்த வருடத்தில், எவ்வளவு தரும்?

பேனல் போனதா, பேக்லைட் போனதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை, திரை கறுப்பாக இருக்கிறது என்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்பேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, பின்னால் வெளிச்சம் மட்டும் போயிருக்கிறது. மேலிருந்து கீழாக ஒரு வண்ணக் கோடு நிரந்தரமாக நின்றால், பேனலின் விளிம்பில் ஒட்டப்பட்ட மெல்லிய இணைப்பு நாடா ஒன்று பிடிப்பு விட்டிருக்கலாம். இது பேனல் பழுது. ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலைபோல விரிசல் ஓடி, மை கொட்டியதுபோல் கறுப்பு பரவியிருந்தால் அது அடிபட்ட பேனல். வாரண்டி விஷயத்தில் கோடு விழுந்த பேனலும் விரிசல் விட்ட பேனலும் வேறு வேறு சாதி. முன்னதற்குப் பணம் கிடைக்கும், பின்னதற்குக் கிடைக்காது.

ஒரு கணக்கு

திருச்சியில் ஒரு குடும்பம் தீபாவளிக்கு 48,000 ரூபாயில் 55 அங்குல டிவி வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் அட்டையில் ‘1 வருடம் முழு வாரண்டி, பேனலுக்கு மட்டும் மேலும் 1 வருடம்’ என்று அச்சாகியிருக்கிறது. கடையில் 2 வருடக் கூடுதல் வாரண்டி வரி சேர்த்து 4,200 ரூபாய். “ஒரு நாளைக்கு ஆறு ரூபாய்கூட ஆகாது சார்” என்கிறார் விற்பனையாளர். வகுத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஆனால் அது பார்க்க வேண்டிய கணக்கு அல்ல.

முதல் வருடம் எல்லாமே நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டாவது வருடம் பேனலும் நிறுவனத்தின் பொறுப்பு, அட்டையிலேயே இருக்கிறது. அந்த வருடத்தில் கடையின் திட்டம் பார்த்துக்கொள்வது போர்டுகளையும் பேக்லைட்டையும் மட்டும். பேனலுக்கு இந்தத் திட்டம் உண்மையில் பயன்படப்போவது மூன்றாவது வருடம் மட்டும்தான். இரண்டு வருடத்துக்கு என்று நினைத்துக் கொடுத்த பணம், பெரிய செலவைப் பொறுத்தவரை, ஒரே வருடத்துக்குச் சுருங்கிவிட்டது. கடையில் இதை யாரும் சொல்வதில்லை. அட்டையில் பேனலுக்கென்று தனி வரி இருக்கிறதா என்று பார்ப்பவர்களும் மிகக் குறைவு.

அடுத்து விதிமுறைத் தாள். மூன்றாவது வருடத்தில் தேய்மானம் கழித்து, அதிகபட்சமாக பில் தொகையில் 60 சதவீதம்தான் தருவோம் என்று அதில் இருப்பதாகக் கொள்ளலாம். இப்படியொரு விதி பல திட்டங்களில் உண்டு, சதவீதம் மட்டும் மாறும். 48,000-இல் 60 சதவீதம் 28,800. பேனலின் விலையும் கூலியும் அதைத் தாண்டினால், ‘சரிசெய்ய லாயக்கில்லை’ என்று முடிவு கட்டி 28,800 ரூபாயைக் கொடுப்பார்கள். ரொக்கமாக அல்ல, அதே கடையில் மட்டும் செல்லும் கூப்பனாகத் தருவது அடிக்கடி நடக்கிறது.

இரண்டு வருடத்தில் போர்டு, பேக்லைட் பழுதுக்குத் திட்டம் மிச்சப்படுத்தித் தருவதைச் சற்றுத் தாராளமாகவே மதிப்பிடலாம். நூறு டிவியில் எட்டுக்கு அப்படிப்பட்ட பழுது வந்து, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் ஆவதாகக் கொண்டால், ஒரு டிவிக்குச் சராசரி 400 ரூபாய். 4,200-இல் அதைக் கழித்தால் மீதி 3,800. இந்த 3,800 ரூபாய் பேனலுக்காகக் கட்டியது. கிடைக்கக்கூடியது 28,800. கட்டிய பணத்துக்குச் சரியான மதிப்பு கிடைக்க வேண்டுமானால், இதேபோன்ற நூறு டிவிகளில் ஏறத்தாழ 13 டிவியின் பேனல் மூன்றாவது வருடத்துக்குள் மட்டும், யாரும் தொடாமல், தானாகக் கெட வேண்டும். எட்டு வீட்டில் ஒரு வீடு என்று சொல்லலாம். தெரிந்தவர், உறவினர் வீடுகளில் இருக்கும் டிவிகளை நினைத்துப் பார்த்தால் இது நடக்கக்கூடியதாகத் தோன்றாது.

மின்னணுப் பொருட்கள் கெடும் விதமும் இதற்குத் துணை நிற்கிறது. தயாரிப்பிலேயே இருந்த குறைகள் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வெளிப்பட்டுவிடும். அது இலவச வாரண்டிக் காலம். பிறகு சில வருடங்கள் அமைதியாக ஓடும். தேய்ந்துபோகும் காலம் அதற்கப்புறம். கூடுதல் வாரண்டி பெரும்பாலும் விழுவது நடுவில் இருக்கும் அந்த அமைதியான பகுதியில்தான். கடைகள் இதை வற்புறுத்தி விற்பதற்குக் காரணமும் தெளிவு: போட்டியில் டிவியின் விலையைக் குறைத்துக் குறைத்து விற்றபின் அதில் மிஞ்சுவது சொற்பம், வாரண்டியில் மிஞ்சுவது அதிகம்.

தாளின் பின்பக்கம்

எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்பது விதிமுறைத் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பட்டியல் டிவிகள் வீடுகளில் உண்மையில் எப்படிக் கெடுகின்றன என்பதை நன்றாக அறிந்தவர்கள் எழுதியது. அதனால் முன்பக்கத்தைவிட அதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதலாவது அடிபடுதல். குழந்தை எறிந்த பந்து, வீடு மாற்றும்போது வண்டியில் பட்ட இடி, சுவரில் மாட்டும்போது நழுவியது, எல்லாமே ‘வெளிப்புறச் சேதம்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடும். இதில் நியாயமாகவே தகராறுக்கு இடமுள்ள ஓர் இடம் உண்டு. இன்றைய டிவிகள் பலவற்றில் பேனலுக்கு முன்னால் காப்புக் கண்ணாடி கிடையாது. கையால் தொடுவதே பேனலின் மேல்பரப்பு. துடைக்கும்போது விரல் சற்று அழுந்தினாலும் மேலே கீறல் இல்லாமலேயே உள்ளே விரிசல் விடலாம். வீட்டுக்காரர் ‘யாரும் தொடவே இல்லை’ என்பார், டெக்னீஷியன் விரிசல் தொடங்கிய புள்ளியை டார்ச்சில் காட்டுவார். அங்கே பேச்சு முடிந்துவிடும். தற்செயலான உடைப்புக்கும் பணம் வேண்டுமென்றால் அதற்குத் தனித் திட்டம், தனி விலை.

இரண்டாவது ஈரம். ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைக்கும்போது டிவியையும் ஈரத் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது தமிழ்நாட்டில் பல வீடுகளில் வழக்கம். திரையில் நேரடியாகத் தெளித்த நீரோ, கண்ணாடி துடைக்கும் திரவமோ, வழிந்து கீழ் விளிம்புக்குப் போகிறது. படத்துக்கான சமிக்ஞையைப் பேனலுக்குக் கொடுக்கும் நுண்ணிய இணைப்புகள் பல மாடல்களில் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. சில நாளில் கீழிருந்து கோடுகள் எழும்பும். திறந்து பார்க்கிற டெக்னீஷியனுக்கு நீர் காய்ந்த தடமும் பச்சை பூத்த செம்பும் தெரியும். ‘திரவச் சேதம்’ என்று எழுதிவிட்டுப் போவார். உலர்ந்த மெல்லிய துணியால், டிவியை அணைத்துவிட்டு, அழுத்தாமல் துடைப்பது இந்த ஒரு செலவை அடியோடு தவிர்க்கும்.

மூன்றாவது மின்சாரம். மின்னழுத்த ஏற்ற இறக்கம், இடி மின்னல் இரண்டையும் பெரும்பாலான திட்டங்கள் ஒதுக்கிவிடுகின்றன. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால், சில வீடுகளில் அது 400 வோல்ட்டை நெருங்கிவிடும். அப்போது தெருவில் பல வீட்டுச் சாமான்கள் ஒரே நேரத்தில் போகும். பவர் போர்டில் வெடித்துக் கருகிய பாகத்தைப் பார்த்தாலே சர்வீஸ் சென்டரில் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். மின்னலோ மின் கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள், செட்டாப் பாக்ஸைத் தாண்டி மெயின் போர்டுவரை அதைக் கொண்டுவந்துவிடும். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிஷ் கேபிளை அப்படியே விட்டுவைப்பது பாதிப் பாதுகாப்புதான். மின்னலால் ஆகும் இழப்புக்கு வீட்டுக் காப்பீடு வேறு வழியில் உதவலாம். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரேமாதிரி விதிகளுடன் தரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் தீ, மின்னல், வெள்ளம் ஆகியவை அடங்கும். வீட்டுச் சாமான்களையும் அதில் சேர்க்கலாம்.

பல்லி, கரப்பான், எறும்பு, எலி தனி இனம். டிவியின் பின்புறக் காற்றுத் துளைகளுக்குள் கதகதப்பு இருப்பதால் பல்லி உள்ளே போகும். போர்டின் மேல் நடந்து இரண்டு இணைப்புகளைச் சேர்த்துவிட்டால் டிவியும் போகும், பல்லியும் போகும். ‘பூச்சிகளால் ஏற்படும் சேதம்’ என்ற வரி இதற்குத்தான். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் வரும் துருவுக்கும் அதேபோல ஒரு வரி உண்டு. சென்னைக் கடற்கரைப் பகுதியிலோ நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ இருப்பவர்கள் அந்த வரி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் வீட்டு டிவிக்கு வரக்கூடிய பழுதே அதுவாக இருக்கலாம்.

மற்றவை சுருக்கமாகச் சொல்லக்கூடியவை. ரிமோட், ஸ்டாண்டு, சுவர் மாட்டி, கேபிள்கள் சேராது. செயலி திறக்கவில்லை, அப்டேட்டுக்குப் பிறகு டிவி மெதுவாகிவிட்டது என்பவை பழுதாகவே கருதப்படாது. திரையில் ஓரிரு புள்ளிகள் செத்துப்போனால் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டும்வரை மாற்றித் தரமாட்டார்கள். 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் இருப்பதால் அந்த எண்ணிக்கையை நிறுவனமே வகுத்து வைத்திருக்கும். சுவரிலிருந்து கழற்றி மீண்டும் மாட்டும் கூலி பல சமயம் வீட்டுக்காரர் தலையில். டீக்கடை, சலூன், லாட்ஜ் ஆகியவற்றில் மாட்டினால் ‘வணிகப் பயன்பாடு’ என்று வாரண்டி முழுவதுமே செல்லாமல் போகும். வீட்டுக்கென்று வாங்கி, பிறகு கடைக்கு எடுத்துப் போனவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். வெளி மெக்கானிக் திறந்ததற்கு அடையாளமாக சீல் கிழிந்திருந்தாலும், வரிசை எண் ஸ்டிக்கர் இல்லாவிட்டாலும் அதே கதிதான்.

யாருக்கு வாங்கலாம்

15,000 ரூபாய்க்குள் வாங்கும் 32 அங்குல டிவிக்குக் கூடுதல் வாரண்டி தேவையில்லை. அதில் எது போனாலும் குடும்பம் தாங்கும். மேலே கணக்குப் பார்த்த 55 அங்குல டிவிக்கும், அந்த விலையில் அந்த விதிமுறையில், வேண்டாம் என்பதே நேர்மையான பதில். அந்த 4,200 ரூபாயை வங்கியில் போட்டு வைத்தால் ஒரு பவர் போர்டுக்கோ பேக்லைட்டுக்கோ ஆகும், பழுதே வராவிட்டால் கையில் இருக்கும்.

பதில் மாறும் இடங்கள் உண்டு. ஒன்றரை லட்சம் ரூபாய் டிவியில் பேனல் போனால் இழப்பு லட்சத்தை எட்டும். அப்போது சராசரிக் கணக்கு மட்டும் போதாது. அந்த இழப்பு வந்தால் மாதச் செலவு தடுமாறுமா என்பதும் கேள்வியாகிறது. தடுமாறும் என்றால், தயாரிப்பு நிறுவனமே தரும் திட்டமாக, பேனல் சேர்ந்ததாக, தேய்மானக் கழிவு இல்லாததாக, விலை டிவி விலையில் ஐந்தாறு சதவீதத்துக்குள் இருப்பதாகப் பார்த்து வாங்குவது நியாயம். ஓஎல்இடி டிவிகளில் மட்டும் ஒரு எச்சரிக்கை. செய்திச் சேனலின் முத்திரைபோல ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கும் உருவம் திரையில் நிரந்தரத் தழும்பாகப் பதிவதுதான் அவற்றின் பெரிய பயம். அந்தப் பதிவைப் பல திட்டங்கள் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கின்றன. அதற்காக வாங்குகிறவர் அந்த வரி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும்.

பணம் கட்ட வேண்டிய நாளும் கடைக்காரர் சொல்லும் நாளாக இருக்க வேண்டியதில்லை. கடையின் திட்டங்கள் பெரும்பாலும் வாங்கும் அன்றோ சில நாட்களுக்குள்ளோ மட்டும் கிடைக்கும். தயாரிப்பு நிறுவனங்களோ பல சமயம் முதல் வருட வாரண்டி முடியும்வரை தங்கள் திட்டத்தை விற்கின்றன. பத்துப் பதினோரு மாதம் ஓட்டிப் பார்த்தால் அந்த டிவியின் குணம் தெரிந்துவிடும். அடிக்கடி சர்வீஸுக்குப் போன டிவி என்றால் வாங்கலாம், ஒரு குறையும் இல்லை என்றால் விடலாம். செல்பேசியில் வாரண்டி முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு நினைவூட்டல் வைத்தால் போதும்.

வாங்குவது என்று முடிவானால் பில்லில் வரிசை எண் டிவியின் பின்புற ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா என்று அன்றே சரிபார்க்க வேண்டும். ஓர் எண் மாறியிருந்தாலும் மூன்றாவது வருடத்தில் அதுவே மறுப்புக்குக் காரணமாகும். கடையில் தரும் வெப்ப அச்சு பில் ஒரு வருடத்தில் வெளுத்து வெள்ளைக் காகிதமாகிவிடும், அதனால் அன்றே படம் எடுத்து வைக்க வேண்டும். விதிமுறைத் தாளை முழுதாகக் கேட்டு வாங்க வேண்டும், பில்லில் அச்சான இரண்டு வரி போதாது. டிவியை மாட்டி முடித்ததும் ஓடுகிற திரையையும் நான்கு மூலைகளையும் படமெடுத்து வைத்தால் பின்னால் வரும் ‘அடிபட்டது’ என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல உதவும்.

பழுது வந்தால் முதல் வேலை காணொளி எடுப்பது, இரண்டாவது உடனே புகார் பதிந்து எண்ணை வாங்குவது. வாரண்டி முடியும் நாளுக்கு முன்பே பதிந்த புகார், ஆள் வருவது தாமதமானாலும், கணக்கில் வந்தாக வேண்டும். பதிந்ததற்குச் சான்று அந்த எண்ணும் குறுஞ்செய்தியும்தான். ‘கொஞ்சம் திறந்து பார்க்கலாம்’ என்று பக்கத்துத் தெரு மெக்கானிக்கை அதற்கு முன் அழைக்கக் கூடாது. வருகிற டெக்னீஷியன் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். விதிமுறையின் எந்தப் பிரிவின்படி மறுப்பு என்பது அதில் இருக்க வேண்டும்.

எழுத்தில் வந்த மறுப்பு நியாயமற்றது என்று பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் செய்யலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் தொடர வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. காப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019-இல், வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கப்படாத விலக்கு விதியைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் விற்ற திட்டமாக இருந்தால் அந்தத் தீர்ப்பு நேரடியாக உதவும். பில் போட்ட அன்று தாளைத் தராமல், மறுக்கும் நாளில் மட்டும் அதை எடுத்துக் காட்டும் இடங்களில், தாள் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதை முதலில் கேட்பதே வழக்கின் நல்ல தொடக்கம்.